எந்தப் பிளக்கை இறுக்க வேண்டும்?

வீட்டு இன்வெர்ட்டரோடு ஒரு கையேடு வரும். அதில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். அது பெரும்பாலும் கீழே உள்ளதைப் போலத்தான் இருக்கும். இது எந்த நிறுவனத்தின் கையேட்டிலிருந்தும் எடுத்ததல்ல. இந்த மாதிரிப் பத்திகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் கோளாறுகளைச் சேர்த்து நானே எழுதியது.

"பேட்டரியில் உள்ள நீரின் அளவை அவ்வப்போது சரிபார்க்கவும். திரவம் குறைவாக இருந்தால் மூடிகளைத் திறந்து, சுத்தமான தண்ணீரைத் தேவையான அளவு நிரப்பி மூடவும். இண்டிகேட்டர் பச்சையில் இருக்க வேண்டும். அதிகமாக நிரப்பக் கூடாது. இதற்கு முன் பேட்டரி முழுமையாக சார்ஜ் செய்யப்பட்டு, மின்சாரம் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். எலக்ட்ரோலைட் ஆபத்தானது, கையுறை, கண்ணாடி அணிவது நல்லது. பிளக்குகள் இறுக்கமாக இருப்பதை உறுதி செய்யவும். மேற்பரப்பைத் துடைக்கவும். டெர்மினல்களில் வாசலின் தடவலாம். அருகில் தீப்பொறி கூடாது."

இதை ஒரு சர்வீஸ் பொறியாளரிடம் காட்டினால் தவறு எதுவும் இல்லை என்றுதான் சொல்வார். சுத்தமான தண்ணீர் என்றால் டிஸ்டில்டு வாட்டர் என்று அவருக்குத் தெரியும். மின்சாரத்தை அணைப்பது என்றால் எந்த சுவிட்ச், எந்த பிளக் என்று அவர் கை தானாகவே போகும். அவருக்குத் தெரிந்தவை பத்தியின் ஓட்டைகளை அடைத்துவிடுகின்றன. அதனால், எழுதியவரும் சரிபார்ப்பவரும் ஒரே துறைக்காரர்களாக இருந்தால் இந்தப் பத்தி பல ஆண்டுகள் மாறாமல் அச்சாகிக்கொண்டே இருக்கும்.

இதைத் திருத்த உட்காரும்போது வாக்கியங்களிலிருந்து தொடங்குவதில் பயனில்லை. முதலில் பேட்டரியின் முன்னால் உட்கார்ந்து, பத்தியை ஒருவர் படிக்க இன்னொருவர் சொன்னதை மட்டும் செய்து பார்க்க வேண்டும். இரண்டாம் வாக்கியத்திலேயே மூடி திறக்கப்பட்டுவிடும். மின்சாரத்தை அணைக்கச் சொல்லும் வரி அதன்பிறகு மூன்று வாக்கியங்கள் தள்ளி வருகிறது. கையுறை அதற்கும் பின்னால். தீப்பொறி எச்சரிக்கை கடைசி வரியில். எழுதியவர் தனக்கு நினைவு வந்த வரிசையில் எழுதியிருக்கிறார். செய்பவரோ எழுதிய வரிசையில் செய்கிறார். கையேட்டை முழுதாகப் படித்து முடித்துவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள் குறைவு. ஒரு வரி படித்து, ஒரு வேலை செய்து, மறுபடி திரும்பிப் பார்ப்பதுதான் வழக்கம். "இதற்கு முன்" என்று ஒரு கையேட்டில் கண்டால், அங்கே ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு இந்த பேட்டரிக்குள்ளேயே காரணங்கள் இருக்கின்றன. ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது, குறிப்பாக முழுமையை நெருங்கும்போது, உள்ளே இருக்கும் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. தண்ணீர் குறைவதற்கே இதுதான் பெரிய காரணம். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பற்றும். ஆகவே சார்ஜை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, சிறிது நேரம் கழித்துத்தான் மூடியில் கை வைக்க வேண்டும். மேற்பரப்பைத் துடைப்பதும் மூடியைத் திறப்பதற்கு முன்னால் வர வேண்டும். இல்லாவிட்டால் மேலே படிந்த தூசி உள்ளே விழும். மாதிரிப் பத்தியில் துடைக்கும் வரி மூடிய பிறகு வருகிறது. சிந்தியதைத் துடைப்பதும் தேவைதான். ஆனால் அது வேறு வேலை. இரண்டுக்கும் தனித்தனி வரிகள் வேண்டும்.

முதலில் சார்ஜ், பிறகு தண்ணீர் என்பதற்கும் காரணம் உண்டு. சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கும் கரைசலின் மட்டம் உயரும். சார்ஜ் குறைந்த நிலையில் விளிம்பு வரை ஊற்றி வைத்தால், பிறகு அமிலம் கலந்த கரைசல் வழிந்து வெளியே வரும். டெர்மினல் அரிக்கும், தரை கறை படும், போன அமிலம் போனதுதான்.

ஆனால் இந்த விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. மாதிரிப் பத்தியில் அது அறவே இல்லை. தண்ணீர் மிகவும் குறைந்து ஈயத் தகடுகள் வெளியே தெரியும் நிலைக்கு வந்துவிட்டால், அப்படியே சார்ஜ் செய்வது தகடுகளைக் கெடுக்கும். தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் முதலில் ஊற்றி, பிறகு சார்ஜ் செய்து, கடைசியில் மீதியை நிரப்ப வேண்டும். அதாவது ஒரே வேலைக்கு இரண்டு வரிசைகள் இருக்கின்றன. எந்த வரிசை என்பதைப் பயனர் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இரண்டாவது வரிசையை வீட்டுக் கையேட்டில் எழுத வேண்டுமா என்பது விவாதத்துக்குரியது. என் கருத்தில் வேண்டாம். தகடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துக் குனிந்து பார்க்கும் வேலையை வீட்டுக்காரரிடம் தரக் கூடாது. அந்த நிலைக்கு வந்த பேட்டரியை மெக்கானிக் ஒருமுறை பார்ப்பதே நல்லது. கையேடு அந்தக் கிளையை மூடாமல் விடுவதுதான் தவறு; "இப்படி இருந்தால் நிறுத்தவும், சர்வீஸை அழைக்கவும்" என்று எழுதிவிட்டால் அதுவும் ஒரு முழுமையான வழிதான்.

அடுத்து சொற்கள். மாதிரிப் பத்தியில் நீர், திரவம், தண்ணீர், எலக்ட்ரோலைட் என்று நான்கு பெயர்கள் வருகின்றன. அவை எத்தனை பொருள்களைக் குறிக்கின்றன? இரண்டை. உள்ளே இருப்பது கந்தக அமிலமும் நீரும் கலந்த கரைசல். நாம் ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர். "திரவம் குறைந்தால்" என்று படித்தவர் கடைக்குப் போய் பேட்டரி திரவம் கேட்டால், கடைக்காரர் அமிலத்தை எடுத்துக் கொடுக்கவும் வாய்ப்புண்டு. ஆவியாகியும் பிரிந்தும் போவது நீர். அமிலம் உள்ளேயேதான் இருக்கிறது. மேற்கொண்டு அமிலம் ஊற்றினால் கரைசலின் செறிவு கூடி பேட்டரி கெடும். "சுத்தமான தண்ணீர்" இன்னும் மோசம். இன்றைய வீடுகளில் சுத்தமான தண்ணீர் என்றால் ஆர்.ஓ. தண்ணீர் அல்லது கேன் தண்ணீர். இரண்டிலும் கரைந்த உப்புகள் இருக்கின்றன. குடிக்க நல்லது, பேட்டரிக்கு ஆகாது.

எனவே ஊற்றுவதற்கு ஒரே பெயர், அதுவும் கேனின் மேல் அச்சிட்டிருக்கும் பெயர்: டிஸ்டில்டு வாட்டர். உள்ளே இருப்பதற்கு ஒரே பெயர்: அமிலக் கரைசல். ஆபத்து இருப்பதைச் சொல்லியே காட்டும் பெயர் அது. "காய்ச்சி வடித்த நீர்" நல்ல தமிழ்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைப் படித்துவிட்டு வீட்டு அடுப்பில் காய்ச்சி வடிகட்டியவர்களும் இருக்கக்கூடும். வாங்கப் போகிற இடத்தில் என்ன பெயரோ அதைத்தான் கையேடும் சொல்ல வேண்டும்.

ஒரே பொருளுக்குப் பல பெயர் என்பதைவிட ஆபத்தானது, பல பொருளுக்கு ஒரே பெயர். "பிளக்குகள் இறுக்கமாக" என்று இருக்கிறதே, அது பேட்டரியின் மேல் இருக்கும் மூடிகளையா, சுவர் சாக்கெட்டில் செருகும் மின் பிளக்கையா? மெக்கானிக்குகள் மூடியை வென்ட் பிளக் என்பார்கள். எழுதியவர் அதிலிருந்து எடுத்துவிட்டார். "இண்டிகேட்டர் பச்சையில்" என்பதும் அப்படியே. பேட்டரி மூடியில் இருக்கும் மிதவையிலும் பச்சை இருக்கிறது. இன்வெர்ட்டரின் முகப்பில் எரியும் சிறு விளக்கும் பல மாடல்களில் பச்சை. விளக்கு பச்சையாக எரிவதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் போதும் என்று ஒருவர் முடிவு செய்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பத்தி சொன்னதைத்தான் அவர் செய்தார்.

இதைப் பிடிக்க ஒரு எளிய வழி உண்டு. பகுதியில் வரும் பெயர்ச்சொற்களையெல்லாம் ஒரு தாளில் இடப்பக்கம் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக அது குறிக்கும் பொருளைக் கையால் தொட்டுக் காட்டி எழுத வேண்டும். ஒரு சொல்லுக்கு இரண்டு இடங்களைத் தொட நேர்ந்தாலோ, ஒரே இடத்தை இரண்டு சொற்களுக்குத் தொட நேர்ந்தாலோ அங்கே திருத்தம் வேண்டும். நம் பத்தியில் கடைசியில் மிஞ்சியவை: மூடி, மிதவை, மின் பிளக், முகப்பு சுவிட்ச், சுவர் சுவிட்ச், டிஸ்டில்டு வாட்டர், அமிலக் கரைசல். இந்தப் பெயர்களைப் படத்திலும் அதே எழுத்தில் போட வேண்டும்.

பள்ளிக்கூடக் கட்டுரையில் வந்த சொல்லே திரும்ப வரக்கூடாது என்று பழக்கியிருக்கிறார்கள். 'கூறியது கூறல்' குற்றம் என்று நன்னூலும் சொல்கிறது. அதே நூற்பாவில் 'மயங்க வைத்தல்' என்பதும் குற்றம். நூலுக்குரிய பத்து அழகுகளில் 'முறையின் வைப்பு' ஒன்று. கையேடு எழுதுபவர் இதில் எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டால், முதலாவதை விட்டுவிடலாம். மூடி என்ற சொல் ஒன்பது முறை வந்தாலும் யாரும் சலித்துக்கொள்ளப் போவதில்லை.

"மின்சாரம் அணைக்கப்பட்டிருக்க வேண்டும்" என்ற வரியைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்வெர்ட்டரைப் பொறுத்தவரை அணைப்பது என்பது ஒரு வேலையல்ல. சுவர் சுவிட்சை மட்டும் அணைத்தால், கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். முகப்பு சுவிட்சை மட்டும் அணைத்தால், பெரும்பாலான மாடல்களில் பேட்டரி சார்ஜ் ஆவது தொடரும்; அதாவது ஹைட்ரஜன் வந்துகொண்டே இருக்கும். இரண்டும் அணைய வேண்டும். செயப்பாட்டு வினை இந்த இரண்டையும் மறைத்துவிடுகிறது. யார் அணைப்பது, எதை அணைப்பது, எப்போது அணைப்பது எதுவும் அதில் இல்லை. கையேட்டில் "-ப்பட வேண்டும்" என்று வரும் ஒவ்வொரு வினையையும் கட்டளையாக மாற்றிப் பார்த்தால், விடுபட்ட பொருள் எது என்று உடனே தெரிந்துவிடும்.

"-லாம்" அதற்கு அடுத்த சந்தேகம். "வாசலின் தடவலாம்" என்பது அனுமதியா, அறிவுரையா? டெர்மினல் அரிக்காமல் இருக்க வாசலின் உதவும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலைக்கு டெர்மினலைத் தொட வேண்டும், அதற்கு வேறு முன்னெச்சரிக்கைகள் வேண்டும். அதனால் அந்த வரியைத் தண்ணீர் ஊற்றும் பகுதியிலிருந்து தூக்கி, டெர்மினல் பராமரிப்பு என்று தனிப் பகுதியாக்கிவிட வேண்டும். "அணிவது நல்லது" என்பதும் "அணியவும்" என்றாக வேண்டும். கண்ணில் அமிலம் தெறிக்கும் இடத்தில் நல்லது, கெட்டது என்ற பேச்சே இல்லை. அங்கே "கண்ணாடி" என்று மட்டும் இருந்தால் மூக்குக் கண்ணாடி போட்டவர் நான் போட்டிருக்கிறேனே என்பார். "பாதுகாப்புக் கண்ணாடி" என்று எழுத வேண்டும்.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக 1980களில் உருவான எளிமையாக்கிய ஆங்கில விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. இன்று அதை ASD-STE100 என்கிறார்கள். செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக்கூடாது, ஒரு வாக்கியத்தில் ஒரே கட்டளை, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்பவை அதன் விதிகளில் சில. கடைசி இரண்டும் தமிழுக்கு அப்படியே பொருந்தும். முதலாவது பொருந்தாது. நாம் வேற்றுமை உருபையும் துணைவினையையும் சொல்லோடு ஒட்டி எழுதுகிறோம். எட்டுச் சொற்களிலேயே நான்கு வேலைகளை அடக்கிவிட முடியும். "திறந்து, நிரப்பி, மூடி, துடைக்கவும்" என்பதில் நான்கு சொற்கள்தான், ஆனால் நான்கு வேலைகள். தமிழில் எண்ண வேண்டியது வினையெச்சங்களை. எச்சம் வரும் இடத்தில் பயனர் கையை எடுத்து ஏதாவது பார்க்கவோ காத்திருக்கவோ வேண்டுமா என்று கேட்க வேண்டும். வேண்டுமென்றால் அங்கே வாக்கியத்தை முடித்துவிட வேண்டும். "திருகிக் கழற்றவும்" ஒரே கை வேலை. அதை உடைப்பது வீண்.

இந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் பத்தியின் பெரிய ஓட்டை தெரிந்தது. நான் மாதிரிக்கு எடுத்துக்கொண்ட 12 வோல்ட் டியூபுலர் பேட்டரியில் ஆறு செல், ஆறு மூடி. மிதவை மூடியோடு சேர்ந்தே இருக்கிறது. மூடியைக் கழற்றினால் மிதவையும் கையோடு வந்துவிடும். அப்படியானால் ஊற்றும்போது பச்சை வந்துவிட்டதா என்று எதைப் பார்ப்பது? "நிரப்பி மூடவும், பச்சையில் இருக்க வேண்டும்" என்பது செய்யவே முடியாத காரியம். மெக்கானிக்குகள் இதை எப்படிச் செய்கிறார்கள்? கொஞ்சம் ஊற்றுவார்கள், மூடியை வைத்துப் பார்ப்பார்கள், போதாவிட்டால் மறுபடி கழற்றுவார்கள். அந்தத் திரும்பச் செய்தல் பத்தியில் எங்குமே இல்லை. எழுதினவர் பேட்டரி பக்கம் போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

"சற்று நேரம்", "தேவையான அளவு", "அவ்வப்போது" போன்றவற்றுக்கு எண் வேண்டும். அந்த எண்ணைத் திருத்துபவர் தானாக இட்டுவிடக் கூடாது. தயாரிப்புப் பொறியாளரிடம் பட்டியலாகக் கேட்க வேண்டும்: எத்தனை நாளுக்கு ஒருமுறை, சார்ஜை நிறுத்தி எத்தனை நிமிடம், ஒரு தடவைக்கு எத்தனை மி.லி., பச்சைப் பட்டையின் தொடக்கமா முடிவா? கீழே உள்ள எண்கள் அப்படிக் கேட்டு நிரப்ப வேண்டிய இடங்களைக் காட்டுவதற்கான மாதிரிகள். உங்கள் பேட்டரிக்கு அதன் கையேட்டில் உள்ளதே கணக்கு.

திருத்திய பகுதி இதோ.

அ. மட்டத்தைப் பார்த்தல் (மாதம் ஒருமுறை)

ஆறு மூடிகளிலும் உள்ள மிதவைகளைப் பார்க்கவும். மூடிகளைத் திறக்க வேண்டாம்.

எல்லா மிதவைகளிலும் பச்சைப் பட்டை முழுதாக வெளியே தெரிந்தால்: எதுவும் செய்ய வேண்டாம்.

ஏதேனும் ஒரு மிதவையில் பச்சைப் பட்டை முழுதாகத் தெரியாவிட்டால்: பகுதி ஆ-வைச் செய்யவும்.

ஏதேனும் ஒரு மிதவை கண்ணுக்கே தெரியாவிட்டால்: முகப்பு சுவிட்சை அணைக்கவும். சுவர் சுவிட்சை அணைக்கவும். மின் பிளக்கை உருவவும். சர்வீஸை அழைக்கவும். பகுதி ஆ-வைச் செய்ய வேண்டாம்.

ஆ. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுதல்

எச்சரிக்கை: அமிலக் கரைசல் கண்ணையும் தோலையும் எரிக்கும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லவும்.

எச்சரிக்கை: பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பற்றும். விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

எச்சரிக்கை: உலோகம் இரண்டு டெர்மினல்களையும் ஒருசேரத் தொட்டால் தீப்பொறி பறக்கும். வளையல், மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றவும்.

தேவையானவை: டிஸ்டில்டு வாட்டர், பிளாஸ்டிக் புனல், ரப்பர் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, ஈரத்துணி இரண்டு.

1. பேட்டரி முழுதாக சார்ஜ் ஆகியிருக்கிறதா என்று இன்வெர்ட்டர் முகப்பில் பார்க்கவும். ஆகாவிட்டால், ஆகும் வரை காத்திருக்கவும்.
2. முகப்பு சுவிட்சை அணைக்கவும்.
3. சுவர் சுவிட்சை அணைக்கவும்.
4. மின் பிளக்கை சாக்கெட்டிலிருந்து உருவவும்.
5. ஜன்னல்களைத் திறக்கவும். 30 நிமிடம் காத்திருக்கவும்.
6. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணியவும்.
7. பேட்டரியின் மேற்பரப்பை ஈரத்துணியால் துடைக்கவும்.
8. பச்சைப் பட்டை முழுதாகத் தெரியாத ஒரு மூடியைத் திருகிக் கழற்றவும். மிதவையும் அதனுடன் வரும்.
9. அந்தத் துளையில் புனல் வழியாக 50 மி.லி. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும்.
10. மூடியைத் துளையில் திரும்ப வைத்து மிதவையைப் பார்க்கவும். பச்சைப் பட்டை முழுதாகத் தெரியாவிட்டால், மூடியை எடுத்துவிட்டு படி 9-க்குத் திரும்பவும்.
11. பச்சைப் பட்டை முழுதாகத் தெரிந்ததும் ஊற்றுவதை நிறுத்தவும். மூடியைக் கையால் இறுகத் திருகவும்.
12. இன்னொரு மூடியில் பச்சைப் பட்டை முழுதாகத் தெரியாவிட்டால், படி 8-க்குத் திரும்பவும்.
13. சிந்தியிருந்தால் இரண்டாவது ஈரத்துணியால் துடைக்கவும்.
14. மின் பிளக்கைச் செருகவும். சுவர் சுவிட்சைப் போடவும். பிறகு முகப்பு சுவிட்சைப் போடவும்.

நீளம் கூடிவிட்டது என்று நிர்வாகத்தில் யாராவது சொல்வார்கள். அரைப் பக்கம் இருந்தது ஒன்றரைப் பக்கம் ஆகிவிட்டது, அச்சுச் செலவு என்பார்கள். செலவு உண்மைதான். ஆனால் எந்தப் படியை எடுக்கலாம் என்று அவர்களையே கேட்டால், பெரும்பாலும் ஒன்றையும் எடுக்க மாட்டார்கள்.

எச்சரிக்கைகள் மூன்றும் மொத்தமாக மேலே இருப்பது எனக்கு முழுத் திருப்தியில்லை. தீ எச்சரிக்கை மூடியைத் திறக்கும் படி 8-க்குச் சற்று மேலே இன்னொருமுறை வரலாம். பயனர் தகவல்களுக்கான சர்வதேசத் தரமான IEC/IEEE 82079-1 இந்தத் துறையில் பலரும் எடுத்துப் பார்க்கும் வழிகாட்டி. எச்சரிக்கை ஆபத்து வரும் படிக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் அல்ல என்பதில் துறையில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எத்தனை முறை சொல்வது என்பதில்தான் சண்டை. ஒவ்வொரு படியிலும் முக்கோணக் குறி போட்டால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள்.

எழுதி முடித்ததை, இதுவரை பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றாத ஒருவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். காலி பேட்டரியும் சாதாரணத் தண்ணீரும் போதும். திருத்தியவர் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. அவர் கேள்வி கேட்கும் இடம், கை நின்றுபோகும் இடம், முந்தைய படிக்குக் கண் திரும்பும் இடம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். புரிந்ததா என்று பிறகு கேட்பதில் பயனில்லை; எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். இந்தப் பகுதியில் கை நிற்கக்கூடிய இடம் பெரும்பாலும் படி 10. மூடியை வெறுமனே வைத்துப் பார்ப்பதா, திருகிப் பார்ப்பதா? திருகாமல் வைத்தால் மூடி சற்று உயரமாக நிற்கும், பச்சைப் பட்டையும் தவறாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் "வைத்து" என்பதை "முழுதாகத் திருகி" என்று மாற்ற வேண்டும்.

சோதனையில் வெளிப்படும் இன்னொரு சிக்கலை இந்தப் பகுதியால் தீர்க்கவே முடியாது. பல வீடுகளில் பேட்டரி படிக்கட்டுக்கு அடியிலோ அலமாரியின் கீழ்த்தட்டிலோ இருக்கிறது. முன்வரிசை மூடிகள் தெரியும். பின்னால் இருக்கும் மூடியில் மிதவையைப் பார்க்கத் தலை நுழையாது, புனல் நிற்காது. படிகளை எத்தனை தெளிவாக எழுதினாலும் அந்த செல்லில் யாரும் ஊற்றப் போவதில்லை. அதற்கான வரி பொருத்துதல் பகுதியில் போய்ச் சேர வேண்டும்: பேட்டரியின் மேற்பரப்புக்கு மேலே எத்தனை அங்குலம் காலியாக இருக்க வேண்டும் என்று. அந்த அளவையும் பொறியாளரிடம்தான் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டியவர் வீட்டுக்காரர் அல்ல, பேட்டரியைக் கொண்டுவந்து வைக்கும் ஆள்.